டீம் லீட் பதவிக்கான சுருக்கம்: முதல் வரியில் க்வாலிட்டி ஸ்கோரா, கோச்சிங்கா?

கால் சென்டரில் உள் அறிவிப்பாக டீம் லீட் பதவி வந்தால், விண்ணப்பத்தின் மேல்பகுதியில் ஐந்தாறு வரிச் சுருக்கம் ஒன்று கேட்பார்கள். ஆபரேஷன்ஸ் மேனேஜர், க்வாலிட்டி லீட், மனிதவளத் துறையிலிருந்து ஒருவர் என மூன்று பேர் உட்கார்ந்து முதலில் படிப்பது அதைத்தான். பெரும்பாலும் ஆங்கிலத்தில் போகும் தாள் அது. ஆனால் என்ன எழுதுவது, எந்த வரிசையில் எழுதுவது என்பது மொழிக்கு முந்தைய கேள்வி. அதை மட்டும் இங்கே பார்ப்போம்.

ஃப்ளோரில் வழக்கமாக மூன்று வடிவங்களைக் காணலாம். சொந்த க்வாலிட்டி ஸ்கோரை முன்னால் வைப்பது ஒன்று. எத்தனை பேருக்குக் கோச்சிங் கொடுத்தேன் என்ற கணக்கை முன்னால் வைப்பது இன்னொன்று. கோச்சிங் கொடுத்துச் சரிசெய்த ஒரே ஒரு பிரச்சினையைத் தொடக்கம் முதல் முடிவு வரை எண்ணோடு சொல்வது மூன்றாவது. மூன்றையும் ஒரே ஏஜென்ட்டை வைத்து ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். உதாரணத்துக்கு, பிராட்பேண்ட் புகார்ப் பிரிவில் 28 மாதம் வேலை செய்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாதத்துக்கு 5 அழைப்புகள் ஆடிட் ஆகின்றன. க்வாலிட்டி இலக்கு 90. எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக வைத்தவை. கணக்கு போடும் முறைதான் முக்கியம்.

ஸ்கோரை முன்னால் வைத்தால்

"கடந்த ஆறு மாதத்தில் என் க்வாலிட்டி ஸ்கோர் 96." பெரும்பாலான விண்ணப்பங்கள் இப்படித்தான் தொடங்குகின்றன. எண் பெரிதாக இருக்கிறது, ஒரு வரியில் முடிந்துவிடுகிறது, யாரிடமும் எதையும் கேட்டு வாங்க வேண்டியதில்லை. தகுதி வடிகட்டலுக்கு இது போதும். குறிப்பிட்ட மாதங்கள் இலக்குக்கு மேல் இருக்கிறாரா, எச்சரிக்கைக் கடிதம் நிலுவையில் உண்டா என்று மனிதவளத் துறை பார்க்கும் கட்டத்தைத் தாண்டிவிடலாம்.

சிக்கல் அடுத்த கட்டத்தில் வருகிறது. பேனலில் இருக்கும் க்வாலிட்டி லீட் அதே எண்ணை டேஷ்போர்டில் திறந்து பார்ப்பார். அங்கே 92.8 என்று இருந்தால்? இரண்டு எண்ணும் ஒரே ஆளுடையவைதான், நடுவில் நிற்பது ஒரு ஃபேட்டல். வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்க்காமல் கணக்கு விவரத்தைச் சொல்லிவிட்டால், மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பல நிறுவனங்களில் அந்த அழைப்பின் மதிப்பெண் பூஜ்யம். டிசம்பரில் ஐந்து அழைப்புகளுக்கு 97, 94, 98, 95, 0 என்று வந்திருந்தால் அந்த மாதச் சராசரி 76.8. பூஜ்யத்தை விட்டுவிட்டுக் கூட்டினால் 96.

விட்டுவிடுவது பல சமயம் வேண்டுமென்றே நடப்பதில்லை. ஷீட்டில் யாரோ போட்டு வைத்த சூத்திரம் செய்துவிடும்:

```
=AVERAGE(B2:B6)            76.8
=AVERAGEIF(B2:B6,">0")     96
```

ஆடிட் ஆகாத அழைப்புகளுக்குப் பூஜ்யம் நிரப்பி வைத்திருக்கும் ஷீட்களில் இரண்டாவது சூத்திரம் நியாயமானது. ஃபேட்டலுக்கும் அதே பூஜ்யம் விழும் ஷீட்டில் அது தவறை மறைத்துவிடும். ஆகவே சுருக்கத்தில் எண் போடும் முன் அந்தக் கட்டத்தில் எந்தச் சூத்திரம் நிற்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். நம் உதாரணத்தில் ஆறு மாதத்தில் 30 ஆடிட். ஃபேட்டல் இல்லாத 29 அழைப்புகளின் சராசரி 96, மொத்தம் 2784. அதை 30-ஆல் வகுத்தால் 92.8. எழுத வேண்டிய எண் இதுதான்.

மாதத்துக்கு மாதம் ஆடிட் எண்ணிக்கை மாறினால் இன்னொரு பொறி உண்டு. 4 ஆடிட்டில் 98, 10 ஆடிட்டில் 90, 4 ஆடிட்டில் 97 என்றால் மூன்று மாதச் சராசரிகளைக் கூட்டி மூன்றால் வகுத்து 95 என்று போட்டுவிடத் தோன்றும். 18 அழைப்புகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் 93.3 தான். க்வாலிட்டி டீம் அழைப்புக் கணக்கில்தான் பார்க்கும்.

இவை எல்லாம் சரியாக இருந்தாலும் அடிப்படைக் கேள்வி ஒன்று மிஞ்சுகிறது. தன் அழைப்பை நன்றாகப் பேசுவது ஏஜென்ட் வேலை. டீம் லீட் தானே அழைப்பை எடுப்பது அபூர்வம். ஒரு டீம் நிறைய பேரின் அழைப்புகள் அவர் கணக்கில் ஏறும். 96 என்ற எண் அந்த வேலையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. நல்ல ஏஜென்ட்டை டீம் லீட் ஆக்கி, ஃப்ளோர் ஒரு நல்ல ஏஜென்ட்டை இழந்து ஒரு சுமாரான டீம் லீடைப் பெற்ற கதை மேனேஜர்களுக்குப் பழக்கமானது. அந்தப் பயத்தோடுதான் அவர்கள் தாளைப் படிக்கிறார்கள்.

ஸ்கோரை முன்னால் வைத்தே தீர வேண்டுமென்றால், ஒற்றை எண்ணாகத் தராமல் பிழை வகையாகப் பிரித்துத் தரலாம். சிஓபிசி தரமுறை வாடிக்கையாளரைப் பாதிக்கும் பிழை, வணிகத்தைப் பாதிக்கும் பிழை, சட்ட இணக்கப் பிழை என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறது. "30 ஆடிட்டில் இணக்கப் பிழை ஒன்று, வாடிக்கையாளரைப் பாதிக்கும் பிழை இல்லை" என்று எழுதும்போது, எழுதியவருக்கு ஸ்கோர்ஷீட் படிக்கத் தெரியும் என்பதாவது தெரிகிறது.

கோச்சிங் எண்ணிக்கையை முன்னால் வைத்தால்

"12 ஏஜென்ட்களுக்குக் கோச்சிங் கொடுத்தேன், 40 அமர்வுகள் நடத்தினேன், புது பேட்சுக்கு ஃப்ளோர் சப்போர்ட் செய்தேன்." திசை சரி. டீம் லீட் வேலையைத் தொடும் வார்த்தைகள் இதில் இருக்கின்றன. ஆனால் மூன்று வடிவங்களில் மிக எளிதாக உடைவது இதுதான். பேனல் கேட்கும் முதல் கேள்வி "எதிலிருந்து எதற்கு?" என்பது. 40 அமர்வுக்குப் பின் என்ன மாறியது என்று சொல்ல முடியாவிட்டால், அந்த 40 வெறும் நேரக் கணக்கு. ஷிஃப்ட் முடிவில் "கொஞ்சம் எம்பதியோட பேசுங்க" என்று சொன்னதும் அமர்வுதான், அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து அழைப்பு கேட்டதும் அமர்வுதான்.

இந்த வடிவத்தைக் காப்பாற்றக்கூடியது கோச்சிங் பதிவு ஒன்றே. ஒவ்வொரு வரியிலும் தேதி, கேட்ட அழைப்பின் எண், சரிசெய்ய எடுத்துக்கொண்ட ஒரே பழக்கம், ஏஜென்ட் ஒப்புக்கொண்ட செயல், மறுபடி கேட்ட தேதி ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். கடைசிக் கட்டம்தான் பெரும்பாலும் காலியாக இருக்கும். மறுபடி கேட்காத கோச்சிங்கைக் கோச்சிங் என்று க்வாலிட்டி லீட் ஏற்பதில்லை. "ஒரே பழக்கம்" என்பதும் கறாரானது: ஒரே அமர்வில் ஆரம்ப வாழ்த்து, ஹோல்ட் முறை, டிக்கெட் குறிப்பு என்று மூன்றைத் தொட்டால், பின்னால் எது மாறியது, எதனால் மாறியது என்று பிரிக்க முடியாது.

பதிவில் ஐந்து கட்டமும் நிரம்பியிருந்தால் இரண்டாவது வடிவத்தைத் தேர்வு செய்யலாம். ஆனால் அந்த அளவு பதிவு கையில் இருப்பவருக்கு மூன்றாவது வடிவமே எட்டிவிடும்.

ஒரு பிரச்சினையை முழுதாகச் சொன்னால்

அதே 28 மாத ஏஜென்ட். ஜனவரி, பிப்ரவரி ஸ்கோர்களில் டீமின் அடிமட்டத்தில் ஒன்பது பேர். அதில் நான்கு பேரை டீம் லீட் இவரிடம் ஒப்படைக்கிறார். ஸ்கோர்ஷீட்டைப் பிரித்துப் பார்த்தால் நால்வருக்கும் "ப்ரோபிங்" பகுதியில் 20-க்குச் சராசரி 11. நெட் வரவில்லை என்று வாடிக்கையாளர் சொன்னதும், மோடத்தில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக இருக்கிறதா என்று கேட்காமலே டெக்னீஷியன் விசிட் போட்டுவிடுகிறார்கள். அந்த விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபரில் சிக்னல் வரவில்லை, ஆள் போய்த்தான் ஆக வேண்டும். சிவப்பு இல்லை, பான் விளக்கு பச்சையாக நிலைத்து நிற்கிறது என்றால் பெரும்பாலும் சிக்கல் வைஃபையிலோ கணக்கிலோ இருக்கும். தொலைபேசியிலேயே தீர வாய்ப்புண்டு. ஆகவே கோச்சிங்குக்கு எடுத்துக்கொண்ட ஒரே பழக்கம்: விசிட் போடும் முன் மூன்று கேள்வி. எல்ஓஎஸ் என்ன நிறம், ஒரு சாதனத்தில் மட்டுமா எல்லாவற்றிலுமா, எப்போதிலிருந்து.

மார்ச் முழுக்கக் கோச்சிங். ஏப்ரல், மே மாதங்கள் பலனை அளந்து பார்க்க. மார்ச் மாத ஸ்கோரை எந்தப் பக்கமும் சேர்க்கவில்லை, ஏனென்றால் அந்த மாதத்தில் பாதி அழைப்புகள் பழைய பழக்கத்தில் பேசியவை. முன்னே இரண்டு மாதம், பின்னே இரண்டு மாதம், ஆளுக்குப் பத்துப் பத்து ஆடிட். நால்வரின் ஸ்கோர் 75, 79, 78, 76 என்றிருந்தது 90, 91, 92, 79 ஆயிற்று. சராசரி 77-இலிருந்து 88.

இங்கே நிறுத்தினால் "11 புள்ளி உயர்த்தினேன்" என்று எழுதலாம். எழுதினால் தவறு. அடிமட்டத்தில் இருப்பவர்களைத் தேர்ந்தெடுத்தால், அதில் சிலர் அந்த மாதங்களில் தற்செயலாக மோசமான அழைப்புகள் ஆடிட் ஆனதால் அங்கே விழுந்தவர்கள். யாரும் தொடாவிட்டாலும் அடுத்த மாதங்களில் அவர்கள் சராசரியை நோக்கி ஏறுவார்கள். பிப்ரவரி என்ற ஒரே மாதத்தை மட்டும் அடிப்படையாக எடுத்திருந்தால் இந்த மாயை இன்னும் பெரிதாக இருந்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, அதே ஒன்பது பேரில் இவர் தொடாத ஐந்து பேரைப் பார்ப்பது. அவர்கள் சராசரி 78-இலிருந்து 82-க்கு வந்திருக்கிறது என்று வைப்போம். தானாக ஏறியதும், டீம் முழுவதற்கும் நடந்த வழக்கமான ஹடில்களால் ஏறியதும் சேர்ந்து 4. கோச்சிங்குக்குக் கணக்கு வைக்கக்கூடியது 7. நான்கு பேர், ஐந்து பேர் என்ற சிறு எண்ணிக்கையில் அந்த 7-ம் தோராயம்தான். ஆனாலும் "11, அதில் 4 மற்றவர்களுக்கும் வந்தது" என்று தானே எழுதும் விண்ணப்பதாரரிடம் பேனல் மேற்கொண்டு தோண்டுவது குறைவு.

இன்னும் இரண்டு இடங்களில் ஒப்பீடு கெட்டுப்போகும். இடையில் ஸ்கோர்ஷீட் மாறியிருந்தால், உதாரணமாக ப்ரோபிங்கின் எடை 20-இலிருந்து 15 ஆகியிருந்தால், முன்பின் மொத்த ஸ்கோரை ஒப்பிட முடியாது. அந்தப் பகுதியின் சதவீதத்தை மட்டும் ஒப்பிடலாம். ஆடிட்டர் மாறியிருந்தாலும் அதே தொல்லை. காலிப்ரேஷனில் ஒரே அழைப்புக்கு இரண்டு ஆடிட்டர்கள் 5 புள்ளிக்கு மேல் விலகி மதிப்பெண் போடும் ஃப்ளோரில் 7 புள்ளி முன்னேற்றம் என்பது பெரிய செய்தி அல்ல.

நான்காவது ஆள் கதையைத்தான் பலர் மறைக்கப் பார்ப்பார்கள். 76-இலிருந்து 79. உண்மையில் சுருக்கத்தின் மதிப்பு மிக்க வரி அங்கே கிடைக்கிறது. மறுபடி அவர் அழைப்புகளைக் கேட்டபோது மூன்று கேள்வியும் கேட்கிறார், பதிலும் வாங்குகிறார், ஆனால் டிக்கெட்டில் தவறான வகையில் குறிக்கிறார். மதிப்பெண் போவது அங்கே. அதாவது கோச்சிங் தவறவில்லை, நோயைக் கண்டறிந்தது தவறியது. அவரை டிக்கெட் வகைப்பாட்டுப் பயிற்சிக்கு ட்ரெய்னரிடம் அனுப்பினார் என்று எழுதினால், டீம் லீட் வேலையின் பாதி அதில் வந்துவிடும்: எது திறமைக் குறை, எது மனமின்மை, எது கருவிக் கோளாறு என்று பிரித்தறிவது.

பக்க விளைவையும் சொல்ல வேண்டும். மூன்று கேள்வி கூடினால் அழைப்பு நேரம் கூடும். சராசரி 410 நொடியிலிருந்து 455 ஆயிற்று என்று வைப்போம். ஆபரேஷன்ஸ் மேனேஜர் க்வாலிட்டியை விட்டுவிட்டு நேரே இதைத்தான் பிடிப்பார். "திரும்பக் கூப்பிடுவது குறைந்தது, அதனால் ஈடாகிவிட்டது" என்பது வழக்கமான பதில். கணக்கு போட்டால் ஈடாகவில்லை. 100 அழைப்புக்கு 45 நொடி வீதம் 4500 நொடி கூடுகிறது. ஏழு நாளுக்குள் திரும்பக் கூப்பிட்டவர்கள் 24-இலிருந்து 17 ஆனார்கள் என்றால் 7 அழைப்பு மிச்சம், ஒன்றுக்கு 455 நொடி வீதம் 3185 நொடி. ஃப்ளோர் நேரத்தில் 1315 நொடி நட்டம்தான். லாபம் வேறு இடத்தில் இருக்கிறது: 100 அழைப்புக்கு 38 விசிட் போட்டது 29 ஆயிற்று. 9 டெக்னீஷியன் பயணம், 22 நிமிட அழைப்பு நேரத்துக்கு எதிரே. எது பெரிது என்பது மேனேஜருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் விண்ணப்பதாரர் இந்தக் கழித்தலை முன்கூட்டியே போட்டு வைத்திருக்க வேண்டும். நேர்காணலில் முதல்முறையாகப் போடும் கணக்கு அல்ல இது.

இவ்வளவையும் சுருக்கத்தில் அடைக்க முடியாது, அடைக்கவும் கூடாது. தாளில் போவது இவ்வளவுதான்:

> பிராட்பேண்ட் புகார்ப் பிரிவில் 28 மாத ஏஜென்ட். மார்ச் மாதம் டீம் லீட் ஒப்படைத்த நான்கு பேருக்கு, விசிட் போடும் முன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளில் மட்டும் கோச்சிங். ஜனவரி–பிப்ரவரிக்கும் ஏப்ரல்–மேக்கும் இடையே அவர்கள் க்வாலிட்டி சராசரி 77-இலிருந்து 88 (ஆளுக்கு 10 + 10 ஆடிட், கோச்சிங் பெறாத ஐந்து பேர் 78-இலிருந்து 82). 100 அழைப்புக்கு விசிட் 38-இலிருந்து 29. அழைப்பு நேரம் 45 நொடி கூடியது. ஒருவர் முன்னேறவில்லை, காரணம் டிக்கெட் வகைப்பாடு என்று கண்டு ட்ரெய்னரிடம் அனுப்பப்பட்டார். சொந்த ஸ்கோர்: டிசம்பர்–மே 30 ஆடிட், 92.8, இலக்கு 90. டிசம்பரில் ஒரு ஃபேட்டல், அதன்பின் 25 ஆடிட்டில் இல்லை.

சொந்த ஸ்கோர் கடைசி வரியில் இருப்பதைக் கவனிக்கலாம். தகுதியைக் காட்ட அது இருந்தாக வேண்டும், ஆனால் தலையில் உட்கார வேண்டியதில்லை. ஃபேட்டலும் அங்கேயே, பின்னால் எத்தனை ஆடிட் சுத்தம் என்பதோடு. மறைத்து, பேனல் கண்டுபிடிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

"டீம் லீட் ஒப்படைத்த" என்ற சொல்லும் வீணாகப் போடப்பட்டதல்ல. அந்த நான்கு பேர் டீம் லீடின் டீம். முன்னேற்றம் முழுவதையும் தன் பெயரில் எழுதிக்கொண்டால், பேனல் ஒரே அழைப்பில் அவரிடமே கேட்டுவிடும். தாளை அனுப்பும் முன் அவரிடம் எண்களைக் காட்டி, சரி என்று ஒரு மெயில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. க்வாலிட்டி டீமின் மூல ஷீட்டை எந்தத் தேதியில் எடுத்தது என்றும் குறித்து வைக்க வேண்டும். மேல்முறையீட்டில் ஆடிட் மதிப்பெண் மாறுவது சகஜம், நேர்காணல் நாளில் டேஷ்போர்டு வேறு எண் காட்டினால் அந்தத் தேதிதான் கை கொடுக்கும்.

எப்போது எதை எடுப்பது

சொந்த நிறுவனத்துக்குள் என்றால் மூன்றாவது வடிவம். இதில் பெரிய யோசனைக்கு இடமில்லை. பேனலால் எல்லாவற்றையும் சரிபார்க்க முடியும், ஆகவே சரிபார்க்கத் தகுந்ததைக் கொடுப்பதே பலம்.

கோச்சிங் வாய்ப்பே கிடைக்காதவர் என்ன செய்வது? இல்லாததை எழுத முடியாது. ஸ்கோரை முன்னால் வைத்து, பிழை வகையாகப் பிரித்துக் காட்டுவதுதான் அவருக்கு நேர்மையான வழி. அறிவிப்பு வரக் காலம் இருந்தால், டீம் லீடிடம் அடிமட்டத்திலிருந்து இரண்டு பேரைக் கேட்டு வாங்கி, முன்னே பின்னே அளந்து வைக்கலாம். அளந்து முடிக்க மட்டும் ஐந்து மாதம் பிடிக்கும் என்பதை நினைவில் வைத்துத் தொடங்க வேண்டும். அடிப்படை இரண்டு மாதம் பழைய ஷீட்டிலிருந்து எடுத்துக்கொண்டால் மூன்று மாதத்தில் முடியும்.

வேறு நிறுவனத்துக்கு விண்ணப்பித்தால் வரிசை கொஞ்சம் மாறுகிறது. அங்கே யாருக்கும் உங்கள் டேஷ்போர்டு தெரியாது, 92.8 என்பது அவர்கள் ஸ்கோர்ஷீட்டில் 85 ஆகவும் இருக்கலாம், 97 ஆகவும் இருக்கலாம். இலக்கு, மாதத்துக்கு எத்தனை ஆடிட், ஃபேட்டல் விழுந்தால் பூஜ்யமா என்ற மூன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த எண்ணுக்குப் பொருள். ஆகவே அளவை விளக்கும் ஒரு வரியை மேலே ஏற்றி, அதன்கீழ் கோச்சிங் கேஸை வைக்கலாம். வெளியே போகும் தாளில் அழைப்பு எண், கிளையன்ட் பெயர், சக ஏஜென்ட்களின் பெயர் எதுவும் இருக்கக் கூடாது. விசிட் எண்ணிக்கை போன்ற உள் புள்ளிவிவரமும் கிளையன்ட் ஒப்பந்தப்படி ரகசியமாக இருக்க வாய்ப்புண்டு. அப்படிப்பட்ட இடத்தில் 38-இலிருந்து 29 என்று எழுதாமல் "கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு குறைந்தது" என்று எழுதலாம். கோச்சிங் பதிவின் நகலையோ அழைப்பு ஒலிப்பதிவையோ ஆதாரமாக இணைத்து அனுப்புபவர்களும் இருக்கிறார்கள். தகவல் பாதுகாப்பு தெரிந்த பேனல் அந்த விண்ணப்பத்தை அத்தோடு மூடி வைத்துவிடும்.